திங்களும் வியாழனும்: என் பேத்திக்கு ஒரு லெட்டர்

அஸ்ஸலாமு அலைக்கும் என் தங்கமே,

போன வியாழக்கிழமை நீ ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணப்ப நான் நோன்பா இருந்தேன். குரல் கொஞ்சம் சோர்ந்து போயிருந்ததக் கேட்டதும் உனக்குக் கோவம் வந்துருச்சு. "ரமலான் முடிஞ்சு இத்தன மாசமாச்சு உம்மும்மா, 66 வயசுல வாரா வாரம் ரெண்டு நோன்பு எதுக்கு, யாரு உங்கள பிடிக்கச் சொன்னா"ன்னு கேட்ட. மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்துச்சு, அந்த நேரத்துல எனக்கு துஆ கேக்குற வேல இருக்கும், அதான் அப்புறம் சொல்றேன்னு வச்சிட்டேன். போன்ல சொல்லி முடியுற விஷயமும் இல்ல இது. எழுதுறேன், பொறுமையா படி.

மொதல்ல நான் நன்மை சேக்கலாம்னு இத ஆரம்பிக்கல. கடன் அடைக்கத்தான் ஆரம்பிச்சேன்.

எனக்கு 54 வயசு இருக்கும்போது பொம்பளைங்களுக்கு நடந்த ஒரு பயான்ல உக்காந்திருந்தேன். ஆலிமா ஒரு ஹதீஸ் சொன்னாங்க. ரமலான்ல விட்டுப்போன நோன்ப ஷஃபான் மாசத்துலதான் என்னால களா செய்ய முடிஞ்சுச்சுன்னு ஆயிஷா நாயகி (ரலி) சொல்றது, புகாரியிலயும் முஸ்லிம்லயும் இருக்கு. ஷஃபான்னா அடுத்த ரமலானுக்கு முந்தின மாசம். அவங்க கடைசி மாசம் வரைக்கும் போயிருக்காங்க, ஆனா அடுத்த ரமலானத் தாண்ட விடல. எனக்கு அங்கயே நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, ஏன்னா நான் தாண்ட விட்டது ஒரு ரமலானா ரெண்டு ரமலானா, எனக்கே கணக்கு தெரியல.

உனக்கு இது புரியும், நீயும் பொண்ணுதான். மாசத்துல அந்த நாள்ல தொழுகையும் இல்ல நோன்பும் இல்ல. விட்ட தொழுகைய திருப்பித் தொழ வேண்டியதில்ல, ஆனா விட்ட நோன்ப எண்ணி திருப்பிப் பிடிக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி என் உம்மா ஷவ்வால்லயே என்ன பக்கத்துல உக்கார வச்சு பிடிக்க வச்சிருவாங்க, ஒண்ணு பாக்கி விடமாட்டாங்க. 19 வயசுல கல்யாணம் ஆச்சு, அதுக்கப்புறம் கேக்க ஆளில்ல. பிள்ளைங்க, சமையல், மாமியாருக்கு உடம்பு முடியாம போனதுன்னு ஒவ்வொரு வருஷமும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளி, அடுத்த ரமலானே வந்து நின்னுரும்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து உன் உம்மாவோட பழைய ஸ்கூல் நோட்டு ஒண்ண எடுத்தேன், பின்பக்கமா நிறைய வெத்துத்தாள் இருந்துச்சு. 19 வயசுலேர்ந்து எனக்கு அது நின்னுபோன 52 வயசு வரைக்கும் 33 வருஷம். பிறைக்கணக்கு வருஷம் பத்து பதினோரு நாள் கம்மி, அதனால 33 வருஷத்துல 34 ரமலான் வந்துரும், குளிரு மழை வெயில்னு ரமலான் ஒரு முழு சுத்து சுத்தி ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துரும். அவ்வளவு நாளா நான் கடனோட இருந்திருக்கேன்.

ஒவ்வொரு ரமலானுக்கும் ஒரு வரி போட்டேன். உன் பெரிய மாமா பொறந்தது ரமலானுக்கு மூணு நாள் முன்னாடி, பிள்ளப்பேறு தீட்டுல முழு மாசமும் போச்சு, 30. உன் உம்மா கைப்பிள்ளையா இருக்கும்போது எனக்குப் பால் பத்தாம அவ அழுது அழுது மெலிஞ்சதால அந்த மாசம் முழுசும் விட்டேன், அது ஒரு 30. சின்ன மாமா வயித்துல இருக்கும்போது ரத்தப்போக்கு வந்து டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, 18 போச்சு. வேற ரெண்டு ரமலான் வயித்துப்பிள்ளையோடயே முழுசா பிடிச்சேன், அதுல கடன் இல்ல. மீதி 29 ரமலான், எனக்கு எப்பவும் ஏழு நாள் கணக்கு, 203. எல்லாம் கூட்டினா 281. கல்யாணமான புதுசுல ஆறு வருஷம் களா பிடிச்சது நல்லா ஞாபகம் இருந்துச்சு, அந்த 42 கழிச்சா 239. 

ஞாபகத்துல போட்ட கணக்கு, தப்பாவும் இருக்கலாம். ஹஜ்ரத்துகிட்ட உன் மாமாவ விட்டுக் கேக்கச் சொன்னேன். சரியான எண்ணிக்க தெரியலன்னா, இதுக்கு மேல கடன் இருக்காதுன்னு மனசு உறுதியா சொல்ற அளவுக்குப் பிடிச்சிரணும்னு சொன்னாங்க. அதனால 250னு வச்சுக்கிட்டேன். இன்னொண்ணும் சொன்னாங்க, நாம ஷாஃபி மத்ஹபு, காரணமில்லாம அடுத்த ரமலானத் தாண்டினா களாவோட சேத்து ஃபித்யாவும் உண்டு, ஒரு நோன்புக்கு ஒரு முத்து தானியம் ஏழைக்குக் கொடுக்கணும். பிள்ளைக்குப் பால் வேணுமேன்னு விட்ட அந்த 30க்கும் அதே மாதிரி உண்டு. ஹனஃபி மத்ஹபுல களா மட்டும்தான், அவங்களுக்கு இந்த ஃபித்யா கிடையாது, அதனால உன் ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் வேற மாதிரி சொன்னா சண்ட போடாத, அவங்க சொல்றது அவங்க மத்ஹபுல சரி.

முத்துன்னா என்னன்னு கேப்ப. ரெண்டு கையையும் சேத்துக் குவிச்சா எவ்வளவு கொள்ளுமோ அது ஒரு முத்து. உன் உம்மாவுக்காக விட்ட அந்த முப்பதுக்கு நானே உக்காந்து அளந்தேன். கைய உள்ள விட்டு குவிச்சு எடுத்து பக்கத்துல இருக்க பாத்திரத்துல போடுறது, ஒண்ணு, ரெண்டுன்னு. பத்தாவது தாண்டும்போது அழுக வந்துருச்சு. அவ பால் பத்தாம விரல சப்பிட்டுத் தூங்குன மூஞ்சி அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு, அந்தப் பிள்ளைக்காக விட்டதக்கூட அல்லாஹ் கணக்குல வச்சிருக்கான், வேற ஒரு ஏழ வயித்துக்குப் போகச் சொல்லியிருக்கான்னு தோணுச்சு.

சரி, 250 நோன்ப எப்படிப் பிடிக்கிறது. தொடர்ந்து பிடிச்சா உடம்பு தாங்காது, நெனச்சப்ப பிடிக்கலாம்னு விட்டா பழைய கததான். நாள் குறிச்சாதான் நடக்கும்னு திங்களும் வியாழனும் எடுத்துக்கிட்டேன், ஏன்னா நபி (ஸல்) அவங்க சுன்னத்தா நோன்பு வச்ச நாள் அது ரெண்டும். கணக்குப்படி வருஷத்துக்கு 104 வரணும், ஆனா வராது. ரமலான்லயே எட்டு ஒம்போது போயிரும், ரெண்டு பெருநாளும் பிடிக்கக் கூடாது, ஹஜ் பெருநாளுக்கு அடுத்த மூணு நாளும் கூடாது, இடையில காய்ச்சல், பிரயாணம், கல்யாண வீடு. மொத வருஷம் 71 பிடிச்சேன், ரெண்டாவது வருஷம் 84, மூணாவது வருஷம் 80. மீதி 15, அதுக்கு அப்புறம் ரெண்டு மாசத்துல முடிஞ்சுச்சு.

இந்த நோட்டுல ஒரு கோடு அடிச்சிருக்கேன், அதப் பத்தி உனக்குச் சொல்லியே ஆகணும், ஏன்னா நீயும் இதுல மாட்டுவ. ஒரு திங்கக்கெழம அலாரம் கேக்கல, கண்ணு முழிச்சா நல்லா விடிஞ்சிருக்கு. ஸஹரும் இல்ல ஒண்ணும் இல்ல. எட்டு மணிக்கு, சரி இன்னும் எதுவும் சாப்பிடலயே, நோன்பாவே இருந்துருவோம்னு நிய்யத்து வச்சு, மஃரிபு வரைக்கும் இருந்து, நோட்டுல டிக் போட்டுட்டேன். மூணு வாரம் கழிச்சு மனசுல உறுத்துச்சு, கேட்டேன். சுன்னத்தான நோன்புக்குத்தான் பகல்ல லுஹருக்கு முன்னாடி நிய்யத்து வைக்கலாம், களா ஃபர்ளு, அதுக்கு சுப்ஹுக்கு முன்னாடி ராத்திரியிலயே நிய்யத்து இருக்கணும், அன்னைக்கு உங்களுக்குக் கெடச்சது சுன்னத்து நோன்போட நன்மைன்னு சொல்லிட்டாங்க. அந்த டிக்க அடிச்சேன். அதுலேர்ந்து இஷா தொழுதுட்டு படுக்கப் போகும்போதே, நாளைக்கு ரமலானோட களா நோன்பு பிடிக்கிறேன்னு மனசுல வச்சிட்டுத்தான் தலையணையில தல வைப்பேன்.

இன்னொரு நாள் நேர்மாறா நடந்துச்சு. களா நோன்பு, மத்தியானம் பாத்திரம் கழுவிட்டு இருந்தவ மறதியா ஒரு டம்ளர் தண்ணிய அப்படியே குடிச்சிட்டேன், முக்கால் டம்ளர் போனதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நோன்பு போச்சேன்னு அழுதுட்டு உக்காந்திருந்தேன். போகல. மறந்து சாப்பிட்டாலோ குடிச்சாலோ நோன்ப முழுசாக்குங்க, அல்லாஹ்தான் அவருக்குத் தண்ணியும் சாப்பாடும் கொடுத்தான்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்க. அந்தத் தண்ணி என் ரப்பு கொடுத்த தண்ணி. எவ்வளவு குடிச்சோம்ங்கறதுக்கு இங்க கணக்கே இல்ல, ஞாபகம் வந்த அடுத்த நொடி வாய்லேர்ந்து எடுத்தியாங்கறதுதான்.

250ம் முடிஞ்ச அந்த வாரம், அடுத்த திங்கக்கெழம நான் அலாரம் வைக்கல. ஆனா நாலு மணிக்கு தானா முழிப்பு வந்துருச்சு. மூணு வருஷத்துக்கு மேல உடம்பு பழகியிருக்கு. வீடே அமைதியா இருந்துச்சு. எழுந்து ஒளு செஞ்சு தஹஜ்ஜத்து தொழுதேன், சஜ்தாவுல இருக்கும்போது கடன் எதுவும் இல்லாம இருக்கற ஒரு லேசு, அத எப்படி எழுதுறதுன்னு தெரியல தங்கம். கடன் இல்லன்னா வரக்கூடாதா இந்த நேரத்துல அவன்கிட்ட, அப்படின்னு தோணுச்சு. ரெண்டு வாய் சாப்பிட்டு தண்ணி குடிச்சு அன்னைக்கு மொத மொதலா சுன்னத்து நோன்புன்னு நிய்யத்து வச்சேன். திங்கக்கெழம ஏன் நோன்புன்னு நபிகிட்ட கேட்டதுக்கு, அது நான் பொறந்த நாள், எனக்கு வஹி எறங்கின நாள்னு சொன்னாங்க. திங்களும் வியாழனும் அடியார்களோட அமல்கள் அல்லாஹ்கிட்ட எடுத்துக் காட்டப்படுது, என் அமல் காட்டப்படும்போது நான் நோன்பாளியா இருக்கறத விரும்புறேன்னும் சொல்லியிருக்காங்க, அது திர்மிதியில இருக்கு. எனக்கும் அந்த ஆச வந்துருச்சு. 

இப்படியே மூணரை வருஷம் ஓடுச்சு. இதுக்கு அப்புறம் எழுதுறது உன் உம்மாவுக்குக்கூட முழுசா தெரியாது.

என் உம்மா மவுத்தானப்ப அவங்க நகைய பங்கு போட்டதுல எனக்கும் என் தங்கச்சிக்கும் பேச்சு வந்து, வார்த்த தடிச்சு, அதுக்கப்புறம் ஒம்போது வருஷம் நாங்க பேசிக்கல. கல்யாண வீட்டுல பாத்தாலும் அவ ஒரு மூலையில நான் ஒரு மூலையில. நான் வாரத்துல ரெண்டு நாள் நோன்பு பிடிச்சிட்டு, அதே நோன்போட, யாராச்சும் அவ பேர எடுத்தா அவளப் பத்தி கால் மணி நேரம் பேசுவேன். பொய் பேச்சையும் அதுபடி நடக்கறதையும் விடாதவர், சாப்பாட்டையும் தண்ணியையும் விடுறது அல்லாஹ்வுக்குத் தேவையில்லன்னு புகாரியில ஹதீஸ் இருக்கு, எனக்கு அது மனப்பாடமாவே தெரியும். தெரிஞ்சும் நான் பேசுறது பொய் இல்லயே, நடந்ததத்தான சொல்றேன்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்குவேன். நடந்ததச் சொன்னாதான் அது புறம், நடக்காததச் சொன்னா அவதூறு. இதுவும் எனக்குத் தெரிஞ்சதுதான்.

61 வயசுல ஒரு பொதன்கெழம, மொபைல்ல ஒரு பயான் ஓடிட்டு இருந்துச்சு, நான் காய் நறுக்கிட்டு இருந்தேன். திங்களும் வியாழனும் சொர்க்கத்தோட வாசல் திறக்கப்படுதுன்னு ஹதீஸ் ஆரம்பிச்சாங்க, ஆஹா நம்ம நாளாச்சேன்னு சத்தத்தக் கூட்டி வச்சேன். அல்லாஹ்வுக்கு எதையும் இணை வைக்காத எல்லாருக்கும் அந்த நாள்ல மன்னிப்பு கெடைக்குது, தனக்கும் தன் சகோதரருக்கும் நடுவுல பக இருக்கறவரத் தவிர. இந்த ரெண்டு பேரையும் சமாதானம் ஆகுற வரைக்கும் விட்டு வைங்கன்னு சொல்லப்படும். முஸ்லிம்ல வர்ற ஹதீஸ்.

கத்திய கீழ வச்சிட்டேன். ஏழு வருஷமா ஒவ்வொரு திங்களும் ஒவ்வொரு வியாழனும் நான் பசியோட உக்காந்து துஆ கேட்ட அதே நாள்ல, என் பேரையும் என் தங்கச்சி பேரையும் சேத்து ஓரமா எடுத்து வச்சிருக்காங்க. அவளால நானும் என்னால அவளும். அவ பேர எடுக்காம என் பேர எடுக்க முடியாது. நகையில எனக்கு வந்தது எது அவளுக்குப் போனது எதுன்னு ஒரு கிராம் விடாம எனக்கு ஞாபகம் இருந்துச்சு, ஆனா அந்த நகைய ஒம்போது வருஷத்துல நாலு தடவகூட நான் போடல.

இஷா தொழுதுட்டு போன் பண்ணேன். நம்பர் மாத்தியிருப்பாளோன்னு பயம். ரிங் போச்சு, எடுத்தா, ஒண்ணும் பேசல. நானும் ஸலாம் சொல்லிட்டு என்ன பேசறதுன்னு தெரியாம நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, "ராத்தா, நாளைக்கு வியாழன், நோன்பா"ன்னு கேட்டா. நான் திங்கள் வியாழன் நோன்பு பிடிக்கிறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, யார்கிட்டயோ கேட்டு வச்சிருக்கா. ரெண்டு பேரும் அழுதோம். நக பேச்ச அவளும் எடுக்கல நானும் எடுக்கல, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எடுக்கவே இல்ல.

அவகிட்ட என் நோட்டுக் கதைய சொன்னேன். அவளும் கணக்குப் போட்டா, 190 வந்துச்சு. என்ன மாதிரி ரெண்டு நாள் அவளுக்கு முடியாது, வியாழன் மட்டும்னு ஆரம்பிச்சா. ஒவ்வொரு வியாழனும் மஃரிபு பாங்கு சொன்னதும் தண்ணி குடிச்சிட்டு எனக்குப் போன், "ராத்தா, ஒண்ணு கொறஞ்சுச்சு." மூணு வருஷத்துக்கு மேல பிடிச்சா. 147 முடிச்சிருந்தா, போன வருஷம் திடீர்னு உடம்புக்கு முடியாம போய், ரெண்டே வாரத்துல போயிட்டா. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சிட்டு அவ சொன்னது, "நாப்பத்து மூணு இருக்கு ராத்தா."

நோன்பு கடனோட மவுத்தானவருக்காக அவரோட பொறுப்பாளர் நோன்பு பிடிக்கட்டும்னு நபி (ஸல்) சொன்னத ஆயிஷா நாயகி (ரலி) அறிவிச்சிருக்காங்க, புகாரி முஸ்லிம் ரெண்டுலயும் இருக்கு. ஷாஃபில ரெண்டு கருத்து உண்டு, ஒரு நோன்புக்கு ஒரு முத்து கொடுக்கறது ஒண்ணு, சொந்தக்காரர் பிடிக்கறது ஒண்ணு, இமாம் நவவி பிடிக்கலாம்ங்கறதத்தான் பலமா சொல்றாங்கன்னு ஹஜ்ரத் சொன்னாங்க. ஹனஃபில இன்னொருத்தருக்காக நோன்பு பிடிக்கறது கிடையாது, ஃபித்யாதான். அவ மகன்கிட்ட கேட்டேன், நான் பிடிக்கட்டுமாடான்னு. "பிடிங்க பெரியும்மா, உம்மாவுக்கு அதுதான் சந்தோஷமா இருக்கும்"னு சொன்னான்.

அதனாலதான் தங்கம். திங்கக்கெழம நான் எனக்காகப் பிடிக்கிற சுன்னத்து. வியாழக்கெழம என் தங்கச்சியோட கடன்.

உடம்பப் பத்தி நீ பயப்படுற, அதுல நான் வீம்பு பிடிக்கல, அதையும் சொல்லிர்றேன். சுகர் வந்ததுக்கப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் பிடிக்கிறேன், மாத்திரைய ஸஹருக்கும் நோன்பு திறக்கறதுக்கும் அவங்கதான் மாத்திக் கொடுத்தாங்க. அஸருக்கு அப்புறம் விரல்ல குத்தி சுகர் பாத்துக்குவேன், அதால நோன்பு முறியாது. 70க்குக் கீழ போனா அந்த நிமிஷமே திறந்துரணும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ போச்சு, கை நடுங்கி வேர்த்துச்சு, 64 காட்டுச்சு, மஃரிபுக்கு 40 நிமிஷம்தான் பாக்கி, ஆனா நான் காத்திருக்கல, சீனித் தண்ணி குடிச்சிட்டேன். உயிர பணயம் வச்சு நோன்பு பிடிக்கச் சொல்லல அல்லாஹ். என்னைக்காவது டாக்டர் இனிமே கூடவே கூடாதுன்னு சொன்னா, உக்காந்து முத்து அளப்பேன், அவ்வளவுதான்.

துஆ பத்தியும் கேட்ட, அரை மணி நேரம் அப்படி என்னதான் கேப்பீங்கன்னு. நோன்பாளியோட துஆ தட்டப்படாதுங்கறாங்க, அதனால அந்த நேரத்த நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முசல்லாவுல உக்காந்து, மொதல்ல மவுத்தானவங்க, உன் உம்மாவோட வாப்பா, என் வாப்பா உம்மா, என் தங்கச்சி. அப்புறம் என் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க ஒவ்வொருத்தரா பேர் சொல்லி. உன் பேர் வரும்போது கொஞ்சம் நேரமாகும், நீ தனியா வெளியூர்ல இருக்க, உனக்கு நல்ல ஃப்ரெண்ட்ஸ், நல்ல தூக்கம், எக்ஸாம், எல்லாம் கேக்கணும். கடைசியா, யார் மேலயாவது எனக்கு இந்த வாரம் மனசுல ஏதாச்சும் தங்கியிருக்கான்னு பாப்பேன். தங்கியிருந்தா அவங்க பேரையும் சேத்து அவங்களுக்கு நல்லது கேப்பேன். மொதல்ல நாக்கு திரும்பாது. ரெண்டு மூணு வாரம் ஆகும், அப்புறம் திரும்பும்.

உனக்கு இந்த வருஷம் ஏழு இருக்குன்னு உம்மா சொன்னா. டிசம்பர் லீவுல வா, பகல் சின்னதா இருக்கும், நானும் கூட முழிச்சிக்கிறேன். நிய்யத்த ராத்திரியிலயே வச்சிரு, அத மட்டும் மறந்துறாத.

என் தங்கச்சி கணக்குல இன்னும் ஆறு இருக்கு. இன்னைக்கு பொதன்கெழம, இஷா பாங்கு சொல்றாங்க, தொழுதுட்டு படுக்கணும். நாளைக்கு சாயங்காலம் நோன்பு திறந்ததும் உனக்குப் போன் பண்றேன், எடு. முன்னாடி அவ எனக்குச் சொல்லுவா, இப்ப நான் யார்கிட்டயாவது சொல்லணும் இல்ல, ஒண்ணு கொறஞ்சுச்சுன்னு.

வஸ்ஸலாம்,
உன் உம்மும்மா